ஒரு சொல்லையும் மாற்றாமல் பத்தி பிரிக்க முடியுமா?

இராணிப்பேட்டைவாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் ஆண்டு விழா மலருக்காக என் பெரியப்பா வேலூர்க் கோட்டையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தந்திருக்கிறார். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். செய்திகளில் குறை சொல்ல இடமில்லை, ஆனால் பதினோரு நோட்டுப் பக்கங்களும் ஒரே பாளமாக, எங்கும் பத்தி இல்லாமல் ஓடுகின்றன. மலர்க் குழுவினர் அதைத் திருப்பிக் கொடுத்துப் பத்தி பிரித்துத் தரச் சொல்லிவிட்டார்கள். பெரியப்பாவோ, "பத்தி பிரித்துக்கொள், ஆனால் ஒரு சொல்லைக்கூட மாற்றாதே" என்கிறார். முதல் பக்கத்தைத் தட்டச்சு செய்து கீழே தருகிறேன். எங்கெங்கே வெட்டலாம் என்று சொன்னால் போதும், மற்ற பக்கங்களை நானே பார்த்துக்கொள்வேன்.

> வேலூர்க் கோட்டை பதினாறாம் நூற்றாண்டில் கருங்கல்லால் கட்டப்பட்டுச் சுற்றிலும் அகலமான அகழி வெட்டப்பட்டு உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலைக் கொண்டுள்ளது. அதன் கல்யாண மண்டபத் தூண்களில் உள்ள சிற்பங்கள் பெயர் பெற்றவை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தார் இங்கே கொண்டுவரப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் இங்கிருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த இங்கே 1981இல் மீண்டும் லிங்கம் வைக்கப்பட்டு வழிபாடு தொடங்கியது. புதிய வகைத் தலைப்பாகையை அணியவும் நெற்றியில் சமயக் குறி இடாதிருக்கவும் அவர்களுக்கு ஆணையிடப்பட்டிருந்தது. மேலும் அகழியும் இன்று சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கிறது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்றே அதை அடக்கினார்.

காட்பாடி கணேசன்

இதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை, நண்பரே. நான்கு வாக்கியங்களுக்கு ஒரு பத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லாரும் கைப்பேசியில்தான் படிக்கிறார்கள். திரையில் ஏழெட்டு வரிக்கு மேல் தொடர்ந்து போனால் கண் சோர்ந்து நகர்ந்துவிடும். உங்கள் பக்கத்தில் எட்டு வாக்கியங்கள் இருக்கின்றன. "கிளர்ந்தெழுந்தனர்" என்ற இடத்தில் வெட்டினால் சரியாக இரண்டு பத்திகள் கிடைக்கும், பெரியப்பா சொன்னபடி ஒரு சொல்லும் மாறாது.

வாணியம்பாடி அன்வர்

எனக்கும் இதே தொல்லை வந்ததுண்டு. வேர்டில் ஒழுங்காகப் பத்தி பிரித்து வைத்திருப்போம், அதை எடுத்து வாட்ஸ்அப்பிலோ வேறொரு தளத்திலோ ஒட்டும்போது இடைவெளிகள் எல்லாம் காணாமல் போய்விடும். சில தளங்களில் Enter விசையை ஒருமுறை தட்டினால் போதாது, இருமுறை தட்ட வேண்டும். மூலக் கோப்பைத் திறந்து பாருங்கள், பத்திகள் அங்கே இருக்கும்.

இராணிப்பேட்டைவாசி

அன்வர் ஐயா, மூலக் கோப்பு என்று எதுவும் இல்லை. மூலம் நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு, அதிலேயே பத்தி கிடையாது. கணேசன் ஐயா சொன்ன இடத்தில் வெட்டிப் பார்த்தேன். இரண்டாம் பத்தி "நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த இங்கே" என்று தொடங்குகிறது. எங்கே என்று வீட்டில் என் மகளே கேட்டுவிட்டாள்.

பாலாற்று மணல்

உங்கள் மகள் கேட்டதுதான் இந்த இழையின் முதன்மையான கேள்வி. நான் வேலூரில் ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மெய்ப்புத் திருத்தியவன். மலர்களும் கோயில் தல வரலாறுகளும் சங்க அறிக்கைகளும் பெரும்பாலும் இப்படிப் பாளமாகத்தான் எங்களிடம் வரும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்தப் பக்கத்தை எந்த இடத்தில் வெட்டினாலும் பத்தி கிடைக்காது, ஏனென்றால் ஒரே பொருளைப் பற்றிய வாக்கியங்கள் இதில் அடுத்தடுத்து இல்லை. முதலில் அவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும், வெட்டுவது அதற்குப் பிறகு.

கையால் செய்வதானால் இப்படிச் செய்வோம். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனி வரியில் எழுதி 1 முதல் 8 வரை எண் இட்டு, ஓரத்தில் "இது எதைப் பற்றிப் பேசுகிறது" என்பதை ஒரே சொல்லில் குறிப்போம். ஒரே சொல் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. இரண்டு சொற்கள் எழுதத் தோன்றினால் சிக்கல் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது என்று பொருள். உங்கள் பக்கத்துக்கு நான் குறித்தவை: 2 கோயில், 3 திப்பு, 4 கிளர்ச்சி, 5 கோயில், 6 கிளர்ச்சி, 7 அகழி, 8 கிளர்ச்சி. முதல் வாக்கியத்துக்கு மட்டும் என்னால் ஒரே சொல் எழுத முடியவில்லை. அது கோட்டையில் தொடங்கி அகழியைத் தாண்டிக் கோயிலில் முடிகிறது.

இந்த ஓரக் குறிப்பை மேலிருந்து கீழாகப் படித்தாலே எது எங்கே சிதறிக் கிடக்கிறது என்பது தெரிந்துவிடும். கோயில் வாக்கியம் ஒன்று கிளர்ச்சியின் நடுவே அகப்பட்டிருக்கிறது. அகழியைப் பற்றிய வாக்கியம் கில்லெஸ்பிக்கு வழிமறித்து நிற்கிறது. இப்போது எட்டாம் வாக்கியத்தைப் பாருங்கள். "அன்றே அதை அடக்கினார்" என்கிறது. அதற்கு முந்தைய வாக்கியத்தின் எழுவாய் அகழி. ஆகவே ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் வந்தவர் அகழியை அடக்கியதாகப் பொருள் ஆகிறது.

காட்பாடி கணேசன்

அகழியை அடக்கியதை நான் கவனிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் நீளத்தை நீங்கள் முற்றிலும் தள்ளிவிடுவது சரியில்லை. ஒரே பொருளைப் பற்றி இருபது வாக்கியங்கள் வந்தால் அதையும் ஒரே பத்தியாகவே விட்டுவிடுவீர்களா?

பாலாற்று மணல்

விடமாட்டேன். ஆனால் அங்கேயும் நீளம் "இங்கே ஏதோ இருக்கிறது, பார்" என்று எச்சரிக்கும், அவ்வளவுதான். எந்த இடத்தில் வெட்டுவது என்பதை அது சொல்லாது. கிளர்ச்சியைப் பற்றி இருபது வாக்கியங்கள் இருந்தால், ஓரத்தில் "கிளர்ச்சி" என்ற சொல்லுக்குப் பதிலாக "ஆணை", "விடியற்காலை", "ஆற்காட்டுப் படை" என்று இன்னும் நுணுக்கமாகக் குறித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் வெட்டும் இடம் தானாகவே கிடைத்துவிடும். பக்கம் முழுவதற்கும் ஒரே அளவில் குறிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் கவனிக்க வேண்டியது. ஓரிடத்தில் "கோட்டை" என்றும் அடுத்த இடத்தில் "மூன்றாம் தூணின் சிற்பம்" என்றும் குறித்தால் எதையும் சேர்க்க முடியாது.

குடியேற்றம் பத்திர எழுத்தர்

நான் கிரையப் பத்திரம் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் பத்தி பிரிக்காமல் எழுதுவதையே ஒரு பாதுகாப்பாகக் கருதி வந்தோம். வரிக்கும் வரிக்கும் நடுவே வெற்றிடம் விட்டால் பின்னர் யாராவது ஒரு சொல்லை நுழைத்துவிடலாம் என்பது மூத்தவர்கள் சொல்லித் தந்த பாடம். அதனால் எழுதிக் கொடுப்பவர் பெயரில் தொடங்கி, தொகை பெற்றுக்கொண்டது வரை, "ஆகவும்", "படியாலும்" என்று கோத்துக்கொண்டே ஒரே வாக்கியமாகப் போவோம். சொத்து விவரத்தையும் நான்கெல்லையையும் மட்டும் தனியே எழுதுவோம். அந்தக் காலத்து ஆசிரியர்களுக்கும் இதே பழக்கம் இருந்திருக்கலாம் அல்லவா? அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை.

பாலாற்று மணல்

பத்திரத்துக்கு அது பொருந்தும், ஐயா. அங்கே படிப்பவர் தேடுவது எவரும் மாற்ற முடியாத சொற்களை. மலரைக் கையில் எடுப்பவர் கோயிலைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுவார். இருந்தாலும், நீங்கள் சொத்து விவரத்தை மட்டும் தனியே எழுதுவதாகச் சொன்னதைக் கவனியுங்கள். திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டிய பகுதிக்கு நீங்களும் தனிப் பத்தி கொடுத்திருக்கிறீர்கள்.

பழைய பழக்கம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் எழுதிய கடிதங்களில் நலம் விசாரித்து முடித்ததும் "நிற்க" என்று ஒரு சொல் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போவார்கள். அஞ்சலட்டையில் இடம் குறைவு, வரி விட்டு எழுத முடியாது. பத்தி இடைவெளி செய்ய வேண்டிய வேலையை அந்த ஒரு சொல் செய்தது. மெய்ப்புப் பார்க்கும்போது ஐயம் வந்தால் நான் இன்றும் இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே மனத்துக்குள் "நிற்க" என்று போட்டுப் படித்துப் பார்ப்பேன். இயல்பாக அமர்ந்தால் அங்கே புதிய பத்தி. "சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். நிற்க. அவர்களுக்கு ஆணையிடப்பட்டிருந்தது" என்று படித்தால் அது உறுத்தும், அங்கே வெட்டக் கூடாது. ஆனால் வாக்கியங்களை ஒன்றுசேர்த்த பிறகே இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். கலைந்து கிடக்கும் பாளத்தில் செய்தால் "நிற்க" எல்லா இடத்திலும் பொருந்திவிடும்.

சத்துவாச்சாரி தமிழாசிரியை

முதல் வாக்கியத்தைப் பற்றி நான் சொல்லலாம். தமிழில் வினையெச்சம் இருக்கும் வரை வாக்கியத்துக்கு முடிவே தேவையில்லை. "கட்டப்பட்டு, வெட்டப்பட்டு, கொண்டுள்ளது" என்று மூன்று செய்திகள் ஒரே சரட்டில் கோக்கப்பட்டுள்ளன. இதில் "வெட்டப்பட்டு" என்பதற்கும் "உள்ளே" என்பதற்கும் நடுவில்தான் பொருள் மாறுகிறது. அதாவது பத்தி முறிய வேண்டிய இடம் ஒரு வாக்கியத்தின் வயிற்றுக்குள் இருக்கிறது. முற்றுப்புள்ளிகளை மட்டும் பார்த்து வெட்டுபவருக்கு அது கண்ணில் படாது. மாணவர்களின் கட்டுரைகளில் நான் அடிக்கடி காண்பது இது. பத்திகள் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பத்தியின் கடைசி வாக்கியமும் அடுத்த பத்தியின் பொருளில் போய் முடிந்திருக்கும்.

ஆகவே "வெட்டப்பட்டு" என்பதை "வெட்டப்பட்டது" என்று முற்றாக்கிவிட்டு, "கோட்டையினுள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் உள்ளது" என்று புதிதாகத் தொடங்க வேண்டும். ஒரு சொல்லும் மாறக் கூடாது என்ற கட்டளை இங்கேயே மீறப்படுகிறது. பெரியவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. "இங்கே", "இங்கிருந்த", "இங்கே" என்று மூன்று இடங்களில் வருகிறது. முதல் இரண்டும் கோட்டையைக் குறிக்கின்றன, மூன்றாவது கோயிலை. பெரியவரின் மனத்தில் இந்த வேறுபாடு தெளிவாக இருந்திருக்கும். வாக்கியத்தை இடம் மாற்றிய உடனே அந்தத் தெளிவு போய்விடும்.

வாணியம்பாடி அன்வர்

கேள்வியை இப்போதுதான் சரியாகப் புரிந்துகொண்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு வழியில் மட்டும் உதவ முடியும். பதினோரு பக்கங்களையும் வாக்கியத்துக்கு ஒரு வரியாகப் பிரிக்கக் கையால் Enter தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். வேர்டில் Find and Replace பெட்டியைத் திறந்து, தேடும் இடத்தில் ஒரு புள்ளியும் ஓர் இடைவெளியும் தட்டுங்கள். மாற்றும் இடத்தில் இதைத் தாருங்கள்:

```
.^p
```

எல்லா வாக்கியங்களும் தனித்தனி வரிகளாக விழுந்துவிடும்.

இராணிப்பேட்டைவாசி

செய்தேன், நன்றி. ஆனால் "கி.பி. 1806" என்று பெரியப்பா எழுதியிருந்த இடங்களில் எல்லாம் "கி.பி." தனி வரியாகவும் ஆண்டு அடுத்த வரியாகவும் பிரிந்துவிட்டன. "திரு." என்று வரும் இடங்களும் அப்படியே. அவற்றைக் கையால் சேர்த்துவிட்டேன்.

நீங்கள் எல்லாரும் சொன்னபடி முதல் பக்கத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். பாருங்கள்.

> வேலூர்க் கோட்டை பதினாறாம் நூற்றாண்டில் கருங்கல்லால் கட்டப்பட்டுச் சுற்றிலும் அகலமான அகழி வெட்டப்பட்டது. மேலும் அகழியும் இன்று சுற்றுலாப் பயணிகளை ஈர்க்கிறது.
>
> கோட்டையினுள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் உள்ளது. அதன் கல்யாண மண்டபத் தூண்களில் உள்ள சிற்பங்கள் பெயர் பெற்றவை. நெடுங்காலம் மூலவர் இல்லாமல் இருந்த இங்கே 1981இல் மீண்டும் லிங்கம் வைக்கப்பட்டு வழிபாடு தொடங்கியது.
>
> 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தார் இங்கே கொண்டுவரப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டனர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் இங்கிருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய வகைத் தலைப்பாகையை அணியவும் நெற்றியில் சமயக் குறி இடாதிருக்கவும் அவர்களுக்கு ஆணையிடப்பட்டிருந்தது. ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்றே அதை அடக்கினார்.

பாலாற்று மணல்

சேர்க்கை சரியாக வந்திருக்கிறது. இனி ஒட்டுகளைப் பார்க்க வேண்டும். இடம் பெயர்ந்த வாக்கியம் தன் பழைய அண்டை வீட்டாரைச் சுட்டிக் கொண்டேதான் வரும்.

முதல் பத்தியில் "மேலும் அகழியும்" என்பதில் உள்ள "உம்" எதனுடன் சேர்கிறது? பழைய இடத்தில், கோயிலும் மக்களை ஈர்க்கிறது, அகழியும் ஈர்க்கிறது என்ற எண்ணத்தில் அவர் எழுதியிருக்கலாம். இப்போது அதற்கு முன் ஈர்க்கும் பொருள் எதுவும் இல்லை. "மேலும்" என்பதை எடுத்துவிட்டு "அந்த அகழி" என்று தொடங்குங்கள். இரண்டாம் பத்தியில் "இங்கே" என்பது "இக்கோயிலில்" ஆக வேண்டும். மூன்றாம் பத்தியின் தொடக்கத்தில் வரும் "இங்கே" இன்னும் மோசம். அதற்கு முந்தைய பத்தி கோயிலில் முடிவதால், திப்புவின் குடும்பத்தாரைக் கோயிலில் காவல் வைத்ததாகப் படிப்பவர் எண்ணுவார். அங்கே "கோட்டைக்கு" என்றும், அடுத்த வாக்கியத்தில் "கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள்" என்றும் எழுதுங்கள். கடைசியில் கில்லெஸ்பி அகழியை விட்டுவிட்டு இப்போது ஆணையை அடக்குகிறார். "கிளர்ச்சியை" என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

முதல் வாக்கியத்தை முறித்த இரண்டு மாற்றங்களையும் சேர்த்தால் மொத்தம் ஏழு இடங்கள். எட்டு வாக்கியங்கள் கொண்ட பக்கத்தில் இதற்குக் குறைவாக மாற்றி என்னால் பத்தி பிரிக்க இயலாது. இவற்றில் ஒன்றுகூடப் பெரியவர் சொன்ன செய்தியைத் தொடவில்லை என்பதை அவரிடம் காட்டுங்கள்.

காட்பாடி கணேசன்

எனக்கு ஒரு கேள்வி. ஆணை முதலில் வந்தது, கிளர்ச்சி பிறகு வந்தது. அப்படியானால் ஆணை வாக்கியத்தை முன்னால் வைப்பதுதானே முறை?

சத்துவாச்சாரி தமிழாசிரியை

வைக்கலாம். ஆனால் வினைமுற்றைக் கவனியுங்கள். "ஆணையிடப்பட்டிருந்தது" என்பதில் உள்ள "இருந்தது" முன்னரே நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கிறது. அது கிளர்ச்சிக்குப் பின்னால் நிற்பதற்காகவே எழுதப்பட்டது. முன்னால் கொண்டுபோனால் "ஆணையிடப்பட்டது" என்று மாற்ற வேண்டும். "அவர்களுக்கு" என்பதும் "சிப்பாய்களுக்கு" என்று ஆக வேண்டும், இல்லாவிட்டால் தலைப்பாகை ஆணை திப்புவின் குடும்பத்தாருக்கு இடப்பட்டதாகிவிடும். இன்னும் இரண்டு சொற்களை மாற்றப் பெரியவர் இசைவாரானால் உங்கள் வரிசையே நல்லது. இல்லையென்றால் இப்போதுள்ள வரிசையில் பிழை இல்லை.

என் ஐயம் வேறு. திப்புவின் குடும்பத்தாரைப் பற்றிய மூன்றாம் வாக்கியம் கிளர்ச்சிப் பத்தியில்தான் இருக்க வேண்டுமா? ஓரக் குறிப்பில் அதற்குத் தனிச் சொல் இருக்கிறது. ஒரு பத்திக்கு ஒரு பொருள் என்றால் அதைத் தனியாகத்தான் விட வேண்டும்.

பாலாற்று மணல்

கிளர்ந்தெழுந்தவர்கள் மைசூர்க் கொடியை ஏற்றித் திப்புவின் மகன் ஃபத்தே ஹைதரை மன்னராக அறிவித்தார்கள். குடும்பத்தார் கோட்டையில் இருந்தது கிளர்ச்சியின் கதைக்குள் வருவதால் அந்த வாக்கியம் அங்கே இருக்கலாம் என்பது என் எண்ணம்.

சத்துவாச்சாரி தமிழாசிரியை

ஐயா, அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இந்தப் பக்கத்தில் எழுதப்படவில்லை. எழுதாத செய்தியை நம்பி ஒரு வாக்கியத்தைப் பத்தியில் சேர்த்தால், படிப்பவர் அந்தத் தொடர்பைத் தாமாகவே ஊகிக்க வேண்டியிருக்கும். நீங்களே சொன்ன "நிற்க" சோதனையை மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே செய்து பாருங்கள். எனக்கு அது நன்றாகவே அமர்கிறது.

பாலாற்று மணல்

எனக்கு அரைகுறையாக அமர்கிறது, அம்மா. ஒரே வாக்கியத்தைத் தனிப் பத்தியாக விடுவதற்கு என் கை கூசுகிறது என்பதும் உண்மை. அச்சில் அது கடைசியில் மறந்துபோய்ச் சேர்த்தது போலத் தெரியும்.

குடியேற்றம் பத்திர எழுத்தர்

ஒற்றை வாக்கியம் தனியே நின்றால்தான் என்ன? நான்கெல்லையில் கிழக்கு எல்லைக்கு ஒரே வரிதான், அதற்கு மேல் எழுதுவதற்கு எதுவும் இல்லை.

இராணிப்பேட்டைவாசி

இந்த வாதம் தொடங்கியதும் நோட்டின் மற்ற பக்கங்களையும் வரி பிரித்து ஓரத்தில் குறித்துப் பார்த்தேன். "திப்பு" என்ற குறிப்பு நான்காம் பக்கத்தில் மீண்டும் வருகிறது. திப்பு மகால், ஹைதர் மகால் ஆகியவற்றைப் பற்றி அங்கே மூன்று வாக்கியங்கள் இருக்கின்றன. மன்னராக அறிவித்ததைப் பற்றி எங்கும் இல்லை. ஆகவே மூன்றாம் வாக்கியத்தை அங்கே கொண்டுபோனால் நான்கு வாக்கியங்கள் கொண்ட பத்தியாகிவிடும். ஆனால் அப்படிச் செய்தால் 1799 வரும்போது 1806 மூன்று பக்கங்களுக்கு முன்பே முடிந்திருக்கும்.

பாலாற்று மணல்

அந்த நான்கு வாக்கியங்களையும் சேர்த்துக் கிளர்ச்சிப் பத்திக்கு முன்னால் வைத்துவிடுங்கள். பக்க வரிசை புனிதமானது அன்று. ஆனால் மகால்களின் கட்டட வருணனையை முடித்துவிட்டுக் கிளர்ச்சிக்குள் நுழையும்போது ஒட்டு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பத்தியையும் இங்கே இடுங்கள்.

இராணிப்பேட்டைவாசி

நாளை இங்கே இடுகிறேன். முதல் பக்கத்தின் ஏழு மாற்றங்களையும் பெரியப்பாவிடம் பென்சிலால் அடிக்கோடிட்டுக் காட்டினேன். ஆறுக்குத் தலையசைத்தார். "மேலும்" என்பதை எடுக்க மட்டும் இசையவில்லை, "மேலும்" இல்லாமல் கட்டுரை நடக்காது என்கிறார்.